தாமதமாக இணைந்தவருக்கு எழுதிய குறிப்பு பயன்படவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

பினாங்கில் எங்கள் குழுக்கூட்டங்கள் இரவு 8.00 மணிக்கு இயங்கலையில் தொடங்குகின்றன. செபராங் பிறை பக்கம் வேலை முடித்துப் பாலத்தைக் கடந்து வீடு சேர்பவர்கள் 8.20 மணிக்குத்தான் இணைய முடிகிறது. அவர்களுக்கு அதுவரை நடந்ததைச் சுருக்கி எழுதி அனுப்பும் பொறுப்பு, குறிப்பெடுக்கும் என்னிடம் இருக்கிறது. அந்தக் குறிப்பு எந்தெந்த வகையில் பயன்படாமல் போகிறது, எதை முதலில் சோதிக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எழுதுவதை விட்டுவிட்டுத் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலிலும், கூட்டத்தின் நேரத்தைச் செலவழிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எல்லா இடங்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துகிறேன். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழு ஒன்று ஜூமில் கூடுகிறது. கூட்டம் இரண்டு மணி நேரம் நீளும். தொண்டர்களுக்குப் பொறுப்பான அக்கா 8.20 மணிக்கு இணைகிறார். அதற்குள் பந்தல் இடம் முடிவாகிவிட்டது, உணவு முடிவாகிவிட்டது, குவளைகளைப் பற்றிய பேச்சு முடிவில்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அவர் இணையும் நேரத்தில் தொண்டர்களின் பணிநேரம் பேசப்படுகிறது.

## அறிகுறி 1: குறிப்பைப் படித்த பிறகும் "இப்போது என்ன பேசுகிறார்கள்?" என்று கேட்கிறார்

மிக அடிக்கடி வருவது இதுதான். இதைச் சரிசெய்தாலே மற்ற அறிகுறிகளில் பாதி தோன்றுவதில்லை.

முதல் காரணம்: குறிப்பு 8.00 மணியிலிருந்து தொடங்குகிறது. எழுதுபவர் கூட்டத்தை வரிசையாகக் கேட்டிருப்பதால் வரிசையாகவே எழுதுகிறார். படிப்பவரோ 8.20 மணியில் நிற்கிறார்; அவர் காதில் விழுவது நடுவிலிருந்து தொடங்கும் ஒரு பேச்சு. அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பேச்சைப் புரிந்துகொள்வதற்கான ஒரு வரி. பின்வரும் குறிப்பைப் பாருங்கள்:

> வணக்கம் அக்கா. கூட்டம் எட்டு மணிக்குத் தொடங்கியது. தலைவர் வரவேற்றுப் பேசினார். போன வருடக் கணக்கைப் பொருளாளர் வாசித்தார், எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு பந்தல் இடத்தைப் பற்றிப் பேசினோம். ஜாலான் உத்தாமா பக்கம் மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார், சிலர் வேண்டாம் என்றார்கள், பழைய இடமே நல்லது என்று பேசப்பட்டது. உணவைப் பற்றியும் பேசினோம். நீர்மோர், மீகூன் எல்லாம் பேசப்பட்டது. குவளை பற்றிப் பொருளாளர் விலை கேட்பார். இப்போது தொண்டர் விஷயம் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் வந்தது நல்லது.

இதில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும், அக்காவுக்கு உடனடியாக வேண்டியிருந்த ஒரே செய்தி கடைசி வாக்கியத்தில் கிடக்கிறது; அங்கேயும் தொண்டர் விஷயத்தில் என்ன கேள்வி என்பது இல்லை. அவர் இதைப் படித்து முடிப்பதற்குள் தலைவர் அவர் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டுவிடுவார்.

*சோதனை:* உங்கள் குறிப்பின் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைத்துப் படியுங்கள். இந்த நிமிடம் நடப்பது அந்த வரியில் இருக்கிறதா? இல்லையென்றால் கடைசி வரியை மேலே தூக்கி வைத்துத் தொடங்குங்கள். திருத்திய குறிப்பு இப்படி இருக்கும்:

> இப்போது: நிரலில் 3ஆம் பொருள், தொண்டர் பணிநேரம். இரண்டு பிரிவா மூன்று பிரிவா என்று பேசுகிறார்கள், முடிவாகவில்லை.
> உங்களிடம் கேட்கப்போவது: இரத ஊர்வல இரவுக்கு எத்தனை பேர் வருவார்கள்.
> முடிவானவை: பந்தல் பழைய இடத்தில்தான். இரத நாளில் நீர்மோர் மட்டும்; தைப்பூச நாளில் காலை உணவும் உண்டு.
> முடிவாகாதது: குவளை. பொருளாளர் விலை கேட்டுச் சொல்வார்.
> (8.22 வரை)

முன்னதைவிடச் சிறியதாகத்தான் இருக்கிறது. வரவேற்புரை, கணக்கு வாசிப்பு, யார் எதிர்த்தார் யார் ஆதரித்தார் என்பவை போய்விட்டன. கணக்கு ஏற்கப்பட்டதைக்கூட நான் விட்டுவிடுகிறேன், ஏனெனில் அது கூட்ட அறிக்கையில் வரத்தான் போகிறது; இன்றிரவு அக்கா எடுக்க வேண்டிய எந்த முடிவையும் அது மாற்றுவதில்லை. எதை விடுவது என்று தடுமாறும்போது, இந்தச் செய்தி தெரியாமல் போனால் அவர் கூட்டத்தில் தவறாக ஏதாவது பேசிவிடுவாரா என்று கேட்டுப் பார்ப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. பேசிவிடுவார் என்றால் எழுத வேண்டும். இல்லையென்றால் அறிக்கைக்கு விடலாம்.

இரண்டாவது காரணம்: "இப்போது" என்ற வரி இருக்கிறது, ஆனால் அதில் தலைப்பு மட்டுமே இருக்கிறது. "இப்போது தொண்டர் விஷயம்" என்பது தலைப்பு. "இரண்டு பிரிவா மூன்று பிரிவா" என்பதுதான் கேள்வி. தலைப்பை மட்டும் தெரிந்துகொண்டவர் வாய்திறக்கத் தயங்குவார். கேள்வியைத் தெரிந்துகொண்டவர் உடனே கலந்துகொள்வார். ஆகவே முதல் வரியில் நிரல் எண், தலைப்பு, விவாதத்தில் இருக்கும் கேள்வி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிரலை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பியிருந்தால் எண்ணே பாதி வேலையைச் செய்துவிடும்.

மூன்றாவது காரணம்: குறிப்பு பழையதாகிவிட்டது. 8.22 மணிக்கு எழுதத் தொடங்கி 8.29 மணிக்கு அனுப்பினால், "இப்போது" என்று நீங்கள் எழுதியது அப்போதாகிவிடுகிறது. குறிப்பின் கடைசியில் நேரம் போடுவது இதற்காகத்தான். படிப்பவர் எந்த நிமிடம் வரைக்கும் இதை நம்பலாம் என்று தெரிந்துகொள்கிறார். அனுப்புவதற்கு முன் முதல் வரியை மட்டும் மறுபடி பார்த்து, பேச்சு நகர்ந்திருந்தால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். மற்ற வரிகள் பழையதாவதில்லை.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அவர் கேட்கிறார் என்றால், கூட்டத்திலேயே கேள்வி தெளிவாக இல்லை என்று கருத இடமுண்டு. இரண்டு பேர் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது எந்தக் குறிப்பாளராலும் அதை ஒரு வரியில் அடக்க முடியாது. அப்போது குறிப்பைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிடாமல், "இப்போது எதை முடிவு செய்கிறோம் என்று ஒருமுறை சொல்லிவிட முடியுமா?" என்று தலைவரிடம் கேளுங்கள். தாமதமாக வந்தவருக்கு மட்டுமல்லாமல், முதலிலிருந்தே இருந்தவர்களுக்கும் அது உதவும்.

## அறிகுறி 2: குறிப்பை அனுப்பிவிட்டீர்கள், அவர் பார்க்கவே இல்லை

அவர் இணைவதற்கு முன்பே உரையாடல் பெட்டியில் போட்டுவிட்டீர்களா? ஜூம் கூட்டத்தின் வழக்கமான உரையாடல் பெட்டியில், ஒருவர் இணைவதற்கு முன் எழுதப்பட்டவை அவருக்குத் தெரிவதில்லை. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் தொடரும் உரையாடலை ஏற்பாட்டாளர் இயக்கி வைத்திருந்தால் மட்டுமே நிலைமை வேறு. மைக்ரோசாப்ட் டீம்ஸில் அழைப்பிலேயே பெயர் உள்ளவர் பொதுவாக முன்பு எழுதப்பட்டதையும் பார்க்க முடியும். இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு விருந்தினராக வருபவருக்கு அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். எனவே எந்தச் செயலியாக இருந்தாலும், பங்கேற்பாளர் பட்டியலில் அவர் பெயர் தோன்றிய பிறகே குறிப்பை ஒட்டுவது என்று பழகிக்கொள்வது பாதுகாப்பானது. காத்திருப்பு அறையில் இருப்பவருக்கும் கூட்ட உரையாடல் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவர் பெயர் பெறுநர் பட்டியலில் வரவில்லையா? ஜூமில் பங்கேற்பாளர்கள் யாருக்கு எழுதலாம் என்பதை ஏற்பாட்டாளர் கட்டுப்படுத்தலாம். `Everyone` என்று மட்டும் வைத்திருந்தால் தனியாக அனுப்ப முடியாது. `Everyone and anyone directly` என்று வைத்திருந்தால்தான் முடியும். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுச் சரிசெய்துகொள்வது நல்லது, ஏனென்றால் கூட்டத்தின் நடுவில் அமைப்பை மாற்றச் சொல்வது எல்லாரையும் தாமதப்படுத்தும்.

அவர் கைப்பேசியில் இருக்கிறாரா? கைப்பேசியில் உரையாடல் பெட்டி தானாகத் திறந்திருக்காது. செய்தி வந்ததும் அதன் தொடக்கம் திரையில் சிறிது நேரம் தோன்றி மறைந்துவிடும். "வணக்கம் அக்கா, நலமா, இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்" என்று தொடங்கினால் அவர் கண்ணில் படுவது அந்த உபசார வரி மட்டுமே. வணக்கம் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு எழுதும்போது அது இல்லாமல் அனுப்ப எனக்கும் மனம் வராது. வணக்கத்தைத் தனிச் செய்தியாக முதலில் அனுப்பிவிட்டு, அடுத்த செய்தியை "இப்போது:" என்று தொடங்கினால் மரியாதையும் காப்பாற்றப்படுகிறது, செய்தியும் சேர்கிறது.

அவர் காரோட்டிக்கொண்டே கேட்கிறாரா? அப்படியானால் எழுதவே வேண்டாம். வீடு வந்து சேர்ந்த பிறகு படிக்கும்படி புலனத்தில் ஒரு பிரதி போட்டு வையுங்கள். அவரைக் கேள்வி கேட்பதைச் சிறிது நேரம் தள்ளிவைக்கும்படி தலைவருக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

## அறிகுறி 3: முடிந்துபோன விஷயத்தை மறுபடியும் கிளப்புகிறார்

அக்கா வந்ததும், "பந்தலை இந்த முறை வேறு இடத்தில் போட்டால் என்ன?" என்று கேட்கிறார். எல்லாரும் ஒரு கணம் மௌனமாகிறார்கள். பிறகு யாரோ பெருமூச்சு விட்டு, ஏற்கெனவே பேசி முடித்ததை மறுபடி தொடங்குகிறார்கள். இதற்கு அவர்மேல் வருத்தப்படுவதற்கு முன் குறிப்பைப் பாருங்கள்.

முதல் காரணம்: வினைமுற்று இரண்டு பக்கமும் பாய்கிறது. "பழைய இடத்திலேயே போடலாம்" என்று எழுதினால் அது முடிவாகவும் இருக்கலாம், யோசனையாகவும் இருக்கலாம். "என்று பேசப்பட்டது" என்பதும் அப்படித்தான். கூட்டத்தில் இருந்தவருக்குக் குரலின் தொனியில் விளங்கியது, எழுத்தில் தொலைந்துவிடுகிறது. ஆகவே ஏற்கெனவே பேசப்பட்டவற்றுக்குக் குறிப்பில் "முடிவானது", "முடிவாகவில்லை" என்ற இரண்டு தலைப்புச் சொற்களைத் தவிர வேறு எதையும் நான் பயன்படுத்துவதில்லை. எந்தச் செய்தியும் இந்த இரண்டில் ஒன்றன் கீழ் வந்தாக வேண்டும். அப்படி வைக்க முடியவில்லையென்றால் எனக்கே அது முடிவானதா என்று தெரியவில்லை என்பது பொருள். அதைத் தலைவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் எழுத வேண்டும்.

இரண்டாவது காரணம்: முடிவு இருக்கிறது, அதற்கான காரணம் இல்லை. பொதுவாகக் காரணங்களை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் படிப்பவர் அந்த முடிவுக்கு மாற்றுக் கருத்து உள்ளவர் என்று முன்பே தெரிந்திருந்தால், காரணத்தை நாலைந்து சொற்களில் சேர்ப்பது அரை மணி நேரத்தைக் காப்பாற்றும். அக்கா போன கூட்டத்திலேயே இடமாற்றம் கேட்டவர் என்றால், "பந்தல் பழைய இடத்தில்தான், மாநகர் மன்றத்துக்கு அந்த இடத்தை எழுதி விண்ணப்பம் போய்விட்டது" என்று எழுதுங்கள். இனி மாற்ற முடியாது என்பதை அவரே புரிந்துகொள்வார்.

மூன்றாவது காரணம்: அவரிடம் புதிய செய்தி இருக்கிறது. பழைய இடத்தில் சாலைப்பணி நடக்கப்போகிறது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அது குறிப்பின் பிழை அன்று. முடிவைத் திறப்பதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் குறிப்பாளருக்கு இல்லை. "அக்காவிடம் பந்தல் இடத்தைப் பற்றிப் புதிய தகவல் உள்ளது" என்று தலைவருக்கு எழுதிவிட்டு நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 4: பெயர் சொல்லிக் கேட்டதும் திகைத்துப் போகிறார்

அவர் இல்லாத 20 நிமிடங்களில் அவர்மேல் ஒரு வேலை விழுந்திருக்கிறது. "தொண்டர் பட்டியலை அக்கா தருவார்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். அது குறிப்பில் இல்லை. அல்லது நான்காவது வரியில், மூன்று பேருடைய வேலைகளுக்கு நடுவே இருக்கிறது.

*சோதனை:* உங்கள் கைக்குறிப்பில் அவர் பெயரையும் அவருடைய பொறுப்பின் பெயரையும் தேடுங்கள். இரண்டையும் தேட வேண்டும். ஏனெனில் கூட்டத்தில் சிலர் "அக்கா பார்த்துக்கொள்வார்" என்பார்கள், சிலர் "தொண்டர் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். எது கிடைத்தாலும் அது குறிப்பின் இரண்டாம் வரிக்குப் போக வேண்டும். "இப்போது" வரியை அடுத்து "உங்களிடம்" வரியை வைப்பதற்குக் காரணம் இதுதான். அவர்மேல் எதுவும் விழவில்லை என்றால் "உங்களுக்கு இதுவரை வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். அந்த வரியை வெறுமனே விட்டுவிட்டால், இல்லையா அல்லது நீங்கள் மறந்துவிட்டீர்களா என்று அவருக்குத் தெரியாது.

அவர் இல்லாதபோது ஒதுக்கப்பட்ட வேலையை அவர் ஏற்றுக்கொண்டதாக எழுதிவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "தொண்டர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் தர வேண்டும்" என்பது கட்டளை. "தொண்டர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், முடியுமா என்று சொல்லுங்கள்" என்பதே நடந்ததற்கு உண்மையாக இருக்கும் வாக்கியம். வீட்டில் குழந்தைகளையும் வேலையையும் கவனித்துக்கொண்டு சங்க வேலைக்கு வருபவர்களிடம், இல்லாத நேரத்தில் பாரத்தை ஏற்றிவிட்டுச் செய்தியாக அனுப்புவது சரியன்று.

அவரைப் பற்றிக் குறையாக யாராவது பேசியிருந்தால் அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம். தனிச் செய்தி என்று நினைத்து அனுப்புவது, யாரேனும் திரையைப் பகிரும்போது எல்லார் கண்ணிலும் படக்கூடும். உரையாடலைத் தம் கணினியில் சேமித்து வைப்பவரின் கோப்பில் அவருக்கு வந்த தனிச் செய்திகளும் இருக்கக்கூடும். மொத்தக் குழுவும் படித்தாலும் யாருக்கும் வருத்தம் வராது என்ற அளவில்தான் குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறை அவர் பதில் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரியது என்றால், அது எழுத்தில் தெரிவிக்க வேண்டிய விஷயமே இல்லை. கூட்டம் முடிந்த பிறகு தலைவர் தொலைபேசியில் பேச வேண்டும்.

## அறிகுறி 5: குறிப்பை எழுதி முடித்து நிமிர்ந்தால், கூட்டம் எங்கோ போய்விட்டது

அவருக்கு 20 நிமிடங்களை எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த ஐந்து நிமிடங்களைத் தொலைத்துவிடுகிறீர்கள். கூட்ட அறிக்கையில் பிறகு அந்த இடம் ஓட்டையாக இருக்கும்.

காரணம் எளியது: அவர் வந்த பிறகுதான் எழுதத் தொடங்குகிறீர்கள். கூட்டம் தொடங்கியதுமே கணினியில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, நான்கு தலைப்புச் சொற்களை மட்டும் போட்டு வையுங்கள்:

```
இப்போது:
உங்களிடம்:
முடிவானவை:
முடிவாகாதவை:
```

ஒவ்வொரு முடிவு வரும்போதும் மூன்றாவது வரியில் சில சொற்களைச் சேருங்கள். பொருள் மாறும்போது முதல் வரியை அழித்து மாற்றி எழுதுங்கள். இரண்டாவது வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். யார் தாமதமாக வருவார் என்று தெரிந்தால் அதையும் முன்பே எழுதி வைக்கலாம். அப்படிச் செய்திருந்தால், அவர் பெயர் பட்டியலில் தோன்றியதும் நீங்கள் செய்ய வேண்டியது நேரத்தைப் போட்டு ஒட்டி அனுப்புவது மட்டுமே.

உரையாடல் பெட்டியிலேயே நேரடியாக எழுதாதீர்கள். அங்கே `Enter` அழுத்தியதும் செய்தி போய்விடும்; புதிய வரிக்கு `Shift+Enter` அழுத்த வேண்டும். அவசரத்தில் இதை மறந்தால் "இப்போது: நிரலில்" என்ற அரைவரி முதலில் போய், பின்னால் வருபவை துண்டு துண்டாகச் சிதறும். அதைவிடப் பெரிய ஆபத்து, தனியாக அனுப்ப நினைத்தது `Everyone` என்ற பெறுநருக்குப் போவது. ஒட்டியபின் பெறுநர் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இவ்வளவு செய்தும் சமாளிக்க முடியவில்லை என்றால், ஒரே ஆள் அறிக்கையும் எழுதி, வாக்குகளும் எண்ணி, தாமதமாக வருபவர்களுக்கும் எழுதுகிறார் என்று பொருள். குறிப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, இரண்டு மணி நேரக் கூட்டத்தில் அது தனியாக ஓர் ஆளுக்குரிய வேலைதான்.

## அறிகுறி 6: ஒருவர் பின் ஒருவராக மூன்று நான்கு பேர் தாமதமாக வருகிறார்கள்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம். "உங்களிடம்" வரியை நீக்கிவிட்டு, மற்ற மூன்றையும் நேரத்தோடு குழுவின் புலனத்தில் ஒரு முறை போடுங்கள். புதிதாக ஒருவர் வரும்போது "புலனத்தில் 8.22 மணிக் குறிப்பைப் பாருங்கள், உங்களிடம் கேட்கப்போவது இது" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினால் போதும். இது வாரந்தோறும் நடக்கிறது என்றால் கூட்டத்தை 8.30 மணிக்குத் தொடங்குவது நல்லது என்று நான் கருதுகிறேன். குறிப்பு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் பாதிக் குழு அதைப் படித்துக்கொண்டிருந்தால் அது கூட்டமாகவே இருக்காது.

## அறிகுறி 7: குறிப்பைப் படித்தார், புரிந்துகொண்டார், ஆனால் ஏற்க மறுக்கிறார்

இங்கே குறிப்பின் வேலை முடிந்துவிடுகிறது. இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் தனிச் செய்தியில் நடக்கும் வாக்குவாதமாக மாறும். மற்றவர்கள் அதைக் கேட்கவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. இரண்டாவது மறுப்பு வந்ததும், "இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், தலைவருக்குத் தெரிவித்துவிட்டேன்" என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று இடங்களில் முதல் மறுப்புக்கே காத்திருக்காமல் நேரே தலைவரிடம் போக வேண்டும். முதலாவது, வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவர் இணைவது. தீர்மானத்தின் வாசகத்தைக் கேட்காதவர் உங்கள் ஐந்து சொல் சுருக்கத்தை நம்பி வாக்களிக்கக் கூடாது. தீர்மானத்தைத் தலைவர் முழுமையாக வாசித்துக் காட்டும்வரை வாக்கெடுப்பைச் சற்று நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். இரண்டாவது, பணம் ஒதுக்கும் முடிவு. தொகையைக் குறிப்பில் எழுதும்போது ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் விளைவு பெரிது. ஆகவே "பந்தல் செலவுக்கான தொகை முடிவானது, எவ்வளவு என்பதைப் பொருளாளர் சொல்வார்" என்று எழுதி, தொகையை அவரே சொல்லும்படி விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, அவர் இல்லாதபோது எடுத்த முடிவு செல்லுமா என்று அவர் கேட்பது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை 8.10 மணிக்கு இருந்ததா, தாமதமாக வந்தவருக்கு முந்தைய பொருளில் வாக்குரிமை உண்டா என்பவை குறிப்பாளர் நினைவிலிருந்து பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒவ்வொரு சங்கத்துக்கும் தனக்கென அமைப்பு விதிகள் உண்டு. பதில் அங்கேதான் இருக்கிறது. செயலாளர் விதி நூலைக் கையில் எடுத்து, அந்தப் பிரிவைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகும் இரு தரப்பும் இரண்டு விதமாகப் பொருள் கொண்டால், அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, சங்கங்களின் பதிவு அலுவலகத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ எழுத்துவழியாகக் கேட்டுக்கொள்வதே முறை.

அதுவரை உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு அனுப்பிய குறிப்பை அழிக்காமல், அனுப்பிய நேரத்தோடு அப்படியே எடுத்து வையுங்கள். 8.22 மணிக்கு அவருக்கு என்ன தெரிவிக்கப்பட்டது என்ற கேள்வி பிறகு எழுந்தால், செயலாளர் உங்களிடம் கேட்கப்போவது அந்தப் பிரதியைத்தான்.